இறுதிச் சரக்கிருப்பு: முதலில் வந்தது முதலில் போகும் முறையா, சராசரி முறையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்கின விலை பில்லிலேயே இருக்கிறது. அதை அப்படியே போட்டால் போதாதா, இதற்கு எதற்கு ஒரு முறை?

ஒரே பொருளை வருடம் முழுவதும் ஒரே விலைக்கு வாங்கியிருந்தால் போதும். விலை மாறும்போதுதான் சிக்கல் வருகிறது. ஏப்ரலில் கிலோ 240 ரூபாய்க்கும் டிசம்பரில் 300 ரூபாய்க்கும் வாங்கிய ஒரே ரக நூல் ஒரே கிடங்கில் கிடக்கிறது. மார்ச் 31 அன்று எண்ணிப் பார்த்தால் 1,200 கிலோ மிச்சம் இருக்கிறது. அந்த 1,200 கிலோ எந்தப் பில்லைச் சேர்ந்தது என்று நூலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, விற்றுப்போனது எந்த விலைச் சரக்கு, மிஞ்சியது எந்த விலைச் சரக்கு என்பதை ஒரு விதி வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்தியாவில் கணக்கியல் தரநிலை 2 இதற்கு இரண்டு விதிகளை அனுமதிக்கிறது. ஒன்று, முதலில் வந்தது முதலில் போகும் முறை. கடைவீதியில் இதை ஃபைஃபோ என்பார்கள். மற்றொன்று நிறையிட்ட சராசரி முறை.

நகை, வாகனம் போல ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண முடிகிற சரக்குக்கு இந்த இரண்டுமே தேவையில்லை, அதனதன் வாங்கிய விலையையே போடலாம். ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாத சரக்குக்கே இந்தக் கேள்விகள் எழுகின்றன. நூல் வியாபாரிகளும் அவர்களிடம் கணக்கெழுதுபவர்களும் மார்ச் கடைசியில் திரும்பத் திரும்பக் கேட்பவை என்பதால், உதாரணத்தையும் நூலிலேயே எடுத்துக்கொள்கிறேன். பருத்தி விலையோடு சேர்ந்து நூல் விலை ஏறி இறங்குவதால், இரு முறைகளின் வேறுபாடு இந்தத் தொழிலில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வருகிறது. 2022 மே மாதம் பருத்தி ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிப் பிறகு இறங்கியதைத் திருப்பூர்ப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஃபைஃபோ போட்டால் பழைய மூட்டையைத்தான் முதலில் அனுப்ப வேண்டுமா? எங்கள் கிடங்கில் மேலே இருக்கிற புது மூட்டைதான் முதலில் போகிறது.

வேண்டியதில்லை. இது மூட்டைகளின் வரிசையைப் பற்றிய விதி அன்று, அடக்க விலைகளின் வரிசையைப் பற்றிய விதி. கிடங்கிலிருந்து எந்த மூட்டை வண்டியேறினாலும், கணக்கில் பழைய விலைதான் முதலில் செலவாகிறது என்று கொள்கிறோம். ஆயினும், எந்த முறையைத் தேர்ந்தாலும் அது உண்மையில் ஏற்பட்ட அடக்கத்துக்கு இயன்ற அளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று தரநிலை எதிர்பார்க்கிறது. ஆகவே பழைய சரக்கு பெரும்பாலும் முதலில் போய்விடும் இடத்தில் ஃபைஃபோவும், எல்லாம் கலந்துவிடும் இடத்தில் சராசரியும் இயல்பாகப் பொருந்தும்.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உண்மையில் எவ்வளவு வித்தியாசம் வரும்?

ஒரே ரக நூலை மட்டும் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் எளிதாக இருக்க நானே அமைத்தவை. விலைகள் திரும்பப் பெறத்தக்க ஜிஎஸ்டியை நீக்கி, கடைக்குக் கொண்டுவந்து சேர்த்த வண்டி வாடகையைச் சேர்த்தவை.

| நாள் | விவரம் | கிலோ | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| ஏப்ரல் 1 | தொடக்க இருப்பு | 1,000 | 240 | 2,40,000 |
| மே | விற்பனை | 500 | | |
| ஜூன் | கொள்முதல் | 2,000 | 270 | 5,40,000 |
| அக்டோபர் | விற்பனை | 1,500 | | |
| டிசம்பர் | கொள்முதல் | 1,000 | 300 | 3,00,000 |
| பிப்ரவரி | விற்பனை | 800 | | |

கைக்கு வந்தது மொத்தம் 4,000 கிலோ, 10,80,000 ரூபாய். விற்றது 2,800 கிலோ. எல்லாவற்றையும் கிலோ 310 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொண்டால் விற்பனை 8,68,000 ரூபாய். மிச்சம் 1,200 கிலோ.

ஃபைஃபோவில் மிஞ்சுவது கடைசியாக வந்த சரக்கு. டிசம்பரில் வந்த 1,000 கிலோ முழுவதும் 300 ரூபாயிலும், ஜூனில் வந்ததில் 200 கிலோ 270 ரூபாயிலும் நிற்கின்றன. இறுதிச் சரக்கிருப்பு 3,54,000 ரூபாய், விற்ற சரக்கின் அடக்கம் 7,26,000 ரூபாய், மொத்த லாபம் 1,42,000 ரூபாய். சராசரியில் 10,80,000 ரூபாயை 4,000 கிலோவால் வகுத்தால் கிலோ 270 ரூபாய். இறுதிச் சரக்கிருப்பு 3,24,000 ரூபாய், அடக்கம் 7,56,000 ரூபாய், மொத்த லாபம் 1,12,000 ரூபாய். ஆக, அதே கடையில், அதே வாங்கல் விற்றலில், 30,000 ரூபாய் வேறுபடுகிறது. விற்பனையில் லாப விகிதம் ஃபைஃபோவில் 16.4 சதவீதமாகவும் சராசரியில் 12.9 சதவீதமாகவும் தெரிகிறது. பக்கத்துக் கடையின் விகிதத்தோடு உங்களுடையதை ஒப்பிடுவதற்கு முன், அவர் எந்த முறையில் போடுகிறார் என்று கேட்டாக வேண்டியதற்கு இதுவே காரணம்.

எங்கள் ஆடிட்டர் போட்ட சராசரியும் நான் போட்ட சராசரியும் ஒத்துவரவில்லை. இரண்டு பேரும் சராசரிதான் போட்டோம்.

சராசரியை இரண்டு விதமாகப் போடலாம். மேலே நான் போட்டது வருடம் முழுவதற்கும் ஒரே சராசரி. இன்னொன்று நகரும் சராசரி. அதில் ஒவ்வொரு கொள்முதல் வந்ததும், அன்றைக்குக் கையிருப்பில் இருக்கும் சரக்கோடு சேர்த்துப் புதிய சராசரி காண்கிறோம். அடுத்த கொள்முதல் வரும்வரை விற்பவையெல்லாம் அந்த விலையில் கழியும். தரநிலை இரண்டையும் ஏற்கிறது.

அதே கடையில் நகரும் சராசரி இப்படிப் போகும். மே மாத விற்பனை 500 கிலோவும் 240 ரூபாயில் கழிகிறது. மீதி 500 கிலோ, 1,20,000 ரூபாய். ஜூன் கொள்முதலைச் சேர்த்தால் 2,500 கிலோ, 6,60,000 ரூபாய், சராசரி 264 ரூபாய். அக்டோபரில் 1,500 கிலோ அந்த விலையில் கழிந்து 1,000 கிலோ, 2,64,000 ரூபாய் மிஞ்சுகிறது. டிசம்பர் கொள்முதலோடு 2,000 கிலோ, 5,64,000 ரூபாய், சராசரி 282 ரூபாய். பிப்ரவரி விற்பனைக்குப் பின் 1,200 கிலோ, 3,38,400 ரூபாய். மொத்த லாபம் 1,26,400 ரூபாய், அதாவது மற்ற இரண்டுக்கும் இடையில் விழுகிறது. நகரும் சராசரி பழைய விலையை வருடக் கடைசிவரை முழுதாகச் சுமந்து வருவதில்லை என்பதால், விலை ஏறும் வருடத்தில் அது ஃபைஃபோவை நோக்கி நகர்கிறது.

ஆகவே சராசரி என்று எழுதினால் மட்டும் போதாது, எந்தச் சராசரி என்பதையும் கணக்குக் கொள்கையில் எழுதி வையுங்கள். ஃபைஃபோவில் இந்தத் தொல்லை இல்லை. விற்க விற்கப் போட்டாலும் வருடக் கடைசியில் ஒரேயடியாகப் போட்டாலும் தொகை மாறாது.

கடைசி பில் விலையை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். அதுதானே ஃபைஃபோ?

இல்லை, நான் அடிக்கடி காணும் தவறு இதுதான். மேலே உள்ள கடையில் 1,200 கிலோவையும் 300 ரூபாயில் போட்டால் 3,60,000 ரூபாய் வரும். ஆனால் 300 ரூபாய்க்கு வாங்கியதே 1,000 கிலோதான். வாங்காத 200 கிலோவையும் அந்த விலையில் ஏற்றியதால் 6,000 ரூபாய் இல்லாத லாபம் கணக்கில் புகுந்துவிடுகிறது. கடைசிப் பில் சிறியதாகவும் இருப்பு பெரியதாகவும் இருந்தால் இந்தப் பிழை வேகமாக வளரும்.

கண்டுபிடிப்பது எளிது. கடைசிப் பில்லின் கிலோவையும் மார்ச் 31 இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருப்பு அதிகமென்றால், மிகுதிக்கு முந்தைய பில்லுக்கும், அதுவும் தீர்ந்தால் அதற்கு முந்தையதற்கும் போக வேண்டும்.

அப்படியானால் அந்த 30,000 ரூபாய் நிஜமான லாபமா, காகித லாபமா?

பணப்பெட்டியில் அந்த 30,000 ரூபாய் இல்லை. வாடிக்கையாளர் தந்ததும் மில்லுக்குக் கொடுத்ததும் இரு முறையிலும் ஒன்றே. வேறுபடுவது, செலவழித்த 10,80,000 ரூபாயில் எவ்வளவை இந்த வருடத்தின் அடக்கமாகக் கழிக்கிறோம், எவ்வளவை அடுத்த வருடத்துக்குத் தூக்கிச் செல்கிறோம் என்பதுதான்.

அடுத்த வருடம் புதிதாக ஒன்றும் வாங்காமல், மிஞ்சிய 1,200 கிலோவையும் கிலோ 320 ரூபாய்க்கு விற்றுக் கடையை மூடிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை 3,84,000 ரூபாய். ஃபைஃபோவில் தொடக்க இருப்பு 3,54,000 ரூபாய் என்பதால் லாபம் 30,000 ரூபாய். வருடச் சராசரியில் தொடக்க இருப்பு 3,24,000 ரூபாய், லாபம் 60,000 ரூபாய். இரண்டு வருடத்தையும் கூட்டினால் இரு முறையிலும் 1,72,000 ரூபாய்தான். எந்த முறையும் லாபத்தை உண்டாக்குவதில்லை, எந்த வருடத்தில் காட்டுகிறோம் என்பதை மாற்றுகிறது.

ஆனாலும் முதல் வருடத்தின் ஃபைஃபோ லாபத்தை முழுவதும் எடுத்துச் செலவு செய்துவிடுவது ஆபத்து என்பது என் கருத்து. 240 ரூபாய் நூலை விற்ற பணத்தில் 300 ரூபாய் நூலை வாங்கி வைத்தால்தான் கடை அதே அளவில் நடக்கும். ஏறும் சந்தையில் ஃபைஃபோ காட்டும் கூடுதல் லாபம், அடுத்த மூட்டையின் விலையாகக் கிடங்கில் முடங்கிக் கிடக்கிறது.

சராசரி போட்டால் வருமான வரி மிச்சமாகுமா?

விலை ஏறும் வருடத்தில் வரி கட்டுவது தள்ளிப்போகும். மேலே கண்டபடி, கழித்த லாபம் பின்னால் வந்து சேர்ந்துவிடும். வருமானத்துக்கேற்ப வரி விகிதம் மாறும் தனிநபர்களுக்கு, எந்த வருடத்தில் லாபம் விழுகிறது என்பதைப் பொறுத்து வரி சற்றுக் கூடவோ குறையவோ செய்யலாம். விலை இறங்கும் வருடத்தில் எல்லாம் தலைகீழ். அப்போது ஃபைஃபோ குறைந்த லாபத்தையும் சராசரி கூடுதல் லாபத்தையும் காட்டும்.

கூட்டு வியாபாரத்தில் மட்டும் இதைத் தள்ளிப்போடும் விஷயமாகப் பார்க்கக் கூடாது. ஒரு பங்காளி மார்ச் 31 அன்று விலகுகிறார் என்றால், அடுத்த வருடத்துக்குத் தள்ளிய லாபத்தில் அவருக்குப் பங்கு வராது. 30,000 ரூபாயில் பாதிப் பங்கு என்றாலும் 15,000 ரூபாய் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகிறது. அதனால் ஒப்பந்தப் பத்திரத்திலேயே சரக்கு மதிப்பிடும் முறையை எழுதி வைப்பது நல்லது.

விலை இந்த வருடமும் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் ஃபைஃபோவில் லாபம் சராசரியைவிடக் குறைவாக வருகிறதே, எங்கே தப்பு?

பெரும்பாலும் தப்பு இருக்காது. விலை ஏறினால் ஃபைஃபோ லாபம் அதிகம் என்று நாம் சொல்வது, தொடக்க இருப்பு இரு முறையிலும் ஒன்றாக இருக்கும் முதல் வருடத்துக்குத்தான் அப்படியே பொருந்தும். இரண்டாம் வருடத்திலிருந்து தொடக்க இருப்பே வேறுபடுகிறது. அந்த வருட லாபங்களின் வித்தியாசம் என்பது, இறுதி இருப்புகளின் இடைவெளியிலிருந்து தொடக்க இருப்புகளின் இடைவெளியைக் கழித்தால் வருவது.

நம் கடை மூடாமல் நடந்து, இரண்டாம் வருடத்தில் 1,800 கிலோவை 310 ரூபாய்க்கு, அதாவது 5,58,000 ரூபாய்க்கு வாங்கி, கடைசியில் 500 கிலோ மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது என்போம். ஃபைஃபோவில் இறுதி இருப்பு 1,55,000 ரூபாய். வருடச் சராசரியில் 3,24,000 ரூபாயோடு 5,58,000 ரூபாயைக் கூட்டி 3,000 கிலோவால் வகுத்தால் 294 ரூபாய், இறுதி இருப்பு 1,47,000 ரூபாய். இடைவெளி 30,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. ஆகவே, விலை 300 ரூபாயிலிருந்து 310 ரூபாய்க்கு ஏறியிருந்தும், இந்த வருடம் ஃபைஃபோ லாபம் சராசரி லாபத்தைவிட 22,000 ரூபாய் குறைவு. அடக்கத்தைப் போட்டுப் பாருங்கள்: ஃபைஃபோவில் 7,57,000 ரூபாய், சராசரியில் 7,35,000 ரூபாய்.

இருப்பைக் குறைக்கும் வருடத்திலும், விலையேற்றம் மட்டுப்படும் வருடத்திலும் இது நடக்கும். விலை எந்தப் பக்கம் போகிறது என்பதைவிட, அந்த இடைவெளி விரிகிறதா சுருங்குகிறதா என்பதைப் பார்ப்பதே சரி.

மார்ச் கடைசியில் சந்தை விலை விழுந்துவிட்டால் எந்த முறை என்பதே தேவையில்லை என்கிறார்களே?

ஓரளவு உண்மை. எந்த முறையில் அடக்கம் கண்டாலும், அதை நிகரத் தேறத்தக்க மதிப்போடு ஒப்பிட்டு, இரண்டில் குறைவானதைத்தான் இறுதி இருப்பாகக் காட்ட வேண்டும். எதிர்பார்க்கும் விற்பனை விலையிலிருந்து விற்று முடிக்க ஆகும் செலவைக் கழித்தால் கிடைப்பது அந்த மதிப்பு.

முதல் வருடத்துக்கே திரும்புவோம். மார்ச் 31 அன்று நூலைக் கிலோ 280 ரூபாய்க்குத்தான் விற்க முடியும், தரகும் வண்டியும் கிலோவுக்கு 5 ரூபாய் என்றால், தேறுவது 275 ரூபாய், 1,200 கிலோவுக்கு 3,30,000 ரூபாய். ஃபைஃபோ அடக்கம் 3,54,000 ரூபாய் அதைவிட அதிகம் என்பதால் 3,30,000 ரூபாயாகக் குறைக்க வேண்டும், லாபம் 1,18,000 ரூபாயாக இறங்கும். வருடச் சராசரி அடக்கம் 270 ரூபாய், தேறும் விலைக்குக் கீழே இருப்பதால் 3,24,000 ரூபாய் அப்படியே நிற்கும். 30,000 ரூபாய் இடைவெளி 6,000 ரூபாயாகிவிட்டது. தேறும் விலை 270 ரூபாய்க்கும் கீழே போயிருந்தால் இரு முறையும் ஒரே தொகையில் வந்து நிற்கும்.

இந்த ஒப்பீட்டை ரகம் ரகமாகச் செய்ய வேண்டும். 30-ஆம் நம்பர் நூலில் வந்த நஷ்டத்தை 40-ஆம் நம்பர் நூலில் இன்னும் வராத லாபத்தோடு ஈடுகட்டிவிடக் கூடாது. சராசரி காணும்போதும் அப்படித்தான். இரண்டு நம்பர்களையும் ஒரே பொருளாகப் பதிந்துவிட்டால், வரும் சராசரி இரண்டில் எதன் விலையும் ஆகாது.

வங்கிக்கு மாதாமாதம் இருப்புப் பட்டியல் கொடுக்கிறோம். அதில் ஃபைஃபோ போட்டு, இருப்புநிலைக் குறிப்பில் சராசரி போடலாமா?

கூடாது. ஏறும் சந்தையில் ஃபைஃபோ இருப்பு பெரிதாகத் தெரிவதால் இந்த ஆசை வருகிறது. வங்கி இருப்பு மதிப்பில் 25 சதவீதத்தை விளிம்பாகக் கழித்துவிட்டு, நீங்கள் கடனாக எடுக்கும் வரம்பைக் கணக்கிடுகிறது என்றால், 30,000 ரூபாய் கூடுதல் இருப்புக்கு 22,500 ரூபாய் கூடுதலாக எடுக்கலாம். ஆனால் மார்ச் மாதப் பட்டியலையும் தணிக்கை முடிந்த இருப்புநிலைக் குறிப்பையும் வங்கி ஒப்பிடும்போது, கிலோ ஒன்றாகவும் தொகை வேறாகவும் நிற்கும். சரக்கைக் கூட்டிக் காட்டியதாகவே அது படும். இரண்டிலும் ஒரே முறையைப் போடுங்கள்.

இந்த வருடம் ஒரு முறை, அடுத்த வருடம் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளலாமா?

தகுந்த காரணம் இல்லாமல் மாற்றக் கூடாது. வருமான வரிக்கான சரக்கு மதிப்பீட்டுத் தரநிலையும் இதைச் சொல்கிறது. வரித் தணிக்கை அறிக்கையிலும் இறுதி இருப்பை எந்த முறையில் மதிப்பிட்டீர்கள் என்று எழுத வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல வருடத்தில் லாபத்தைக் குறைத்துக் காட்டுவது காரணமாகாது. மாற்றினால் கணக்குகள் நிலைமையை மேலும் பொருத்தமாகக் காட்டும் என்பதை விளக்க முடிய வேண்டும்.

மாற்றும் வருடத்தின் லாபம் கோணலாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். தொடக்க இருப்பு சராசரியில் 3,24,000 ரூபாயாக வந்திருக்க, இரண்டாம் வருட இறுதி இருப்பை மட்டும் ஃபைஃபோவில் 1,55,000 ரூபாய் என்று போட்டால், சராசரியிலேயே தொடர்ந்திருந்தால் வந்திருக்கும் லாபத்தைவிட 8,000 ரூபாய் கூடுதலாக வரும். இது வியாபாரத்தால் வந்ததன்று. கணக்கியல் தரநிலை 5-ன் கீழ் வருவோர், மாற்றத்தால் விளைந்த தொகை குறிப்பிடத்தக்கதாக இருந்தால் அதைத் தனியே வெளியிட வேண்டும். இந்தியக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் பெரிய நிறுமங்கள் முந்தைய வருடக் கணக்குகளையே புதிய முறைக்குத் திருத்திக் காட்ட வேண்டும்.

டேலியில் முறையை மாற்றிப் பார்த்தேன். பழைய வருடத்து லாபமும் சேர்ந்து மாறிவிட்டது!

டேலியில் சரக்குப் பொருளின் `Costing Method` என்ற இடத்தில் `Avg. Cost` என்பதை `FIFO` என்று மாற்றினால், அந்தப் பொருளின் மதிப்பு எல்லா நாட்களுக்கும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. தாக்கல் செய்து முடித்த வருடத்தின் அறிக்கையும் அதனால் மாறித் தெரியும். சோதித்துப் பார்க்க விரும்பினால், தரவை நகல் எடுத்து நகலில் மாற்றுங்கள். மாறிவிட்டிருந்தால் பழைய முறைக்குத் திருப்பி, தணிக்கையான தொகையோடு தொடக்க இருப்பு ஒத்துவருகிறதா என்று சரிபாருங்கள்.

முறை சரியாக இருந்தும் தொகை விசித்திரமாக வந்தால், பொருளின் மாதவாரிப் பட்டியலில் இருப்பு எங்காவது கழித்தல் குறியில் போயிருக்கிறதா என்று பாருங்கள். கொள்முதல் பில்லைப் பதியும் முன்பே விற்பனையைப் பதிந்துவிட்டால் இப்படி நேரும். இல்லாத சரக்குக்கு அடக்கம் காண முடியாததால் அங்கிருந்து மதிப்பு பிசகும். கொள்முதலை அதன் உண்மையான நாளில் பதிந்துவிட்டு, அதிகம் புழங்கும் ஒரு ரகத்தை எடுத்து, மூன்றாவது கேள்வியில் உள்ளதுபோல் கையால் போட்டு ஒப்பிடுங்கள்.

டேலியின் `Costing Method` பட்டியலில் `LIFO Annual` என்றும் இருக்கிறதே. கடைசியில் வந்தது முதலில் போகும் முறையைப் போடலாமா?

உள்கணக்குக்குப் பார்த்துக்கொள்ளலாம், இறுதிக் கணக்குகளில் போட முடியாது. இந்தியத் தரநிலை அதை ஏற்பதில்லை. சர்வதேசத் தரநிலையும், அதைத் தழுவிய இலங்கையின் எல்.கே.ஏ.எஸ். 2-உம் ஏற்பதில்லை. அமெரிக்காவில் அது இன்னும் அனுமதிக்கப்படுகிறது, ஆகவே அந்நாட்டுப் பாடநூல்களில் விரிவாக வரும். நம் கடையில் வருடம் முழுவதையும் சேர்த்து அந்த முறையைப் போட்டால், மிஞ்சும் 1,200 கிலோவில் 1,000 கிலோ 240 ரூபாயிலும் 200 கிலோ 270 ரூபாயிலும் நிற்கும். இருப்பு 2,94,000 ரூபாய், லாபம் 82,000 ரூபாய். அருகிலுள்ள கொள்முதல் விலை 300 ரூபாயாக இருக்கும்போது, இருப்புநிலைக் குறிப்பில் சரக்கின் பெரும்பகுதி பழைய 240 ரூபாயிலேயே நின்றுவிடுகிறது. இருப்பு ஒருபோதும் முழுதாகத் தீராத கடையில் அந்த விலை வருடக்கணக்கில் அப்படியே தங்கிவிடும்.